வாயாடி

கன்னியம்மா பிப்ரவரியில்தான் மூன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். மாற்றுச் சான்றிதழ் கிடையாது. முன்னால் எந்தப் பள்ளியில் படித்தாள் என்று கேட்டதற்கு, "எங்கெங்கியோ" என்று கையை வீசிக் காட்டினாள் கூட்டி வந்த பாட்டி. எட்டு வயது இருக்கும் என்றாள். தலைமையாசிரியை சரோஜா வேறெதுவும் கேட்காமல் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டார். கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு இதில் யாரும் தகராறு செய்வதில்லை.

பெண் வாயைத் திறக்காததுதான் தகராறாக இருந்தது.

செஞ்சியிலிருந்து பஸ் இறங்கி நடக்க வேண்டிய ஊர் அது. ஈராசிரியர் பள்ளி. நாலும் ஐந்தும் சரோஜாவுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று மூன்றையும் ஒரே அறையில் வைத்து மேய்ப்பது தேன்மொழியின் பாடு. தேனிக்காரியான அவளுக்கு வேலை கிடைத்து இது முதல் வருஷம். பயிற்சி நிறுவனத்தில் குழந்தை உளவியல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். முதல் வாரமே அந்தக் குறிப்பு நோட்டை எடுத்துப் புரட்டினாள். கன்னியம்மாவின் முதுகுக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தாள். சடக்கென்று திரும்பினாள் பெண். காது பழுதில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் தலையாட்டல், பேர் சொல்லிக் கூப்பிட்டால் கை தூக்கல். காலை உணவுக்கு உப்புமா போட்டால் போதும் என்பதற்கும் ஒரு கைதான்.

"அவ ஊமை டீச்சர்" என்றான் இரண்டாம் வகுப்பு தினேஷ்.

"அப்படிச் சொல்லக் கூடாதுடா."

"இல்ல டீச்சர், அவ ஆட்டுகிட்ட பேசுவா. நான் பாத்தேன். ஏரிக்கரையில, அவங்க ஆயாவோட ஆட்டுகிட்ட" என்றாள் பின்வரிசை ரம்யா. "ரொம்ப நேரம் பேசுவா."

தினேஷ் ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டோடு பேசினால் அது பேச்சில் சேராது என்பது அவன் கட்சி.

நோட்டுப் புத்தகத்தில் அவள் கெட்டிக்காரி. எழுத்து கொஞ்சம் கோணல், ஆனால் கணக்கு பிசகாது. கடன் வாங்கிக் கழிப்பதை மற்றப் பிள்ளைகள் விரல் மடக்கித் தடுமாறும்போது இவள் விடையை எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கஷ்டம் எங்கே வந்தது என்றால் எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டில். ஒவ்வொரு பிள்ளையையும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டு, செயலியில் அரும்பா, மொட்டா, மலரா என்று பதிய வேண்டும். படிக்கத் தெரிந்தும் படித்துக் காட்டாத பிள்ளைக்கு அந்தச் செயலியில் இடம் இல்லை. அதைச் செய்தவர்களுக்கு இப்படி ஒருத்தி வருவாள் என்று தோன்றியிருக்காது.

"அரும்புன்னு போட்டுட்டு அடுத்த வேலையப் பாரும்மா" என்றார் சரோஜா. "பொட்டப் புள்ள, புது ஊரு. ஒரு மாசம் போனா தானா பேசும்."

மாசம் போனது. பேசவில்லை.

பத்துகளையும் ஒன்றுகளையும் சொல்லித்தர தேன்மொழி காலித் தீப்பெட்டிகள் சேர்த்து வைத்திருந்தாள். டீக்கடை, பூசாரி வீடு என்று எல்லாரிடமும் கேட்டு வாங்கியது, ஒரு கோணிப்பை நிறைய. ஒரு வெள்ளிக்கிழமை அதைத் தரையில் கொட்டி, பத்துப் பத்தாக அடுக்கச் சொன்னாள். பிள்ளைகள் கோபுரம் கட்டினார்கள், ரயில் விட்டார்கள். கன்னியம்மா தன் பங்கை முதலில் வரிசையாகப் படுக்க வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டி விளிம்பில் நிறுத்தினாள். இரண்டுக்கு நடுவே விரல் போகிற அளவு இடைவெளி. அதன் மேல் அடுத்த வரிசையைச் சாய்வாக வைத்தாள். எதுவும் யோசிக்கிற மாதிரி தெரியவில்லை. கை தானாக ஓடியது, அதுவும் எப்படிப்பட்ட வேகத்தில்.

முட்டைக் கணக்குச் சொல்ல வந்த சத்துணவு ஆயா பொன்னம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது யாரு அடுக்கினது?"

தேன்மொழி காட்டினாள்.

பொன்னம்மா அவளை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். "டீச்சர், இது பச்சைக் கல்லு காய வெக்கிற அடுக்கு. காத்து போகணும்னு இப்படித்தான் சந்து விட்டு வெப்பாங்க. செங்குன்றம் பக்கம் செங்கல் சேம்பர்ல நான் ரெண்டு வருசம் கல்லு அறுத்தவ. ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பிவிடுவான். நாங்க அறுத்துகினே போவோம், புள்ளைங்க பின்னாலயே புரட்டிகினு வரும். இந்தக் கை அப்படிப் பழகின கை."

அன்று சாயங்காலம் தேன்மொழி இருளர் குடியிருப்புக்குப் போனாள். ஏரிக்கரையை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு வீடுகள், பாதிக்கு மேல் கீற்றுக் கூரை. கடைசி வீட்டை நெருங்கும்போது உள்ளே ஒரு சிறு பிள்ளை யாரையோ விரட்டி விரட்டிக் கேலி செய்து சிரிக்கும் சத்தம் கேட்டது. தேன்மொழியின் செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்ததும் அது நின்றது.

பாட்டி வெளியே வந்தாள். மகனும் மருமகளும் கூலிக்குப் போயிருக்கிறார்களாம். எந்த ஊருக்கு? "தெரியாதும்மா." எப்போது வருவார்கள்? "தெரியாதும்மா." கொடியில் ஒரு நைட்டி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பாட்டி கட்டியிருந்தது புடவை. தேன்மொழி அதைப் பார்த்ததைப் பாட்டியும் பார்த்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த புதன்கிழமை சரோஜா வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். பதினோரு மணி வாக்கில் ஒரு பைக் வந்து நின்றது. நாற்பது வயது ஆள், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக் கட்டு.

"வணக்கம் டீச்சர். எங்க அண்ணன் பொண்ணு ஒண்ணு இந்தப் பக்கம் ஏதோ ஸ்கூல்ல சேந்திருக்குன்னாங்க. அப்பன் பேரு ஏழுமலை. ஊர்ல ஒரு சாவு, தகவல் சொல்லணும். ரிஜிஸ்டரைக் கொஞ்சம் பாக்கலாமா?"

அண்ணன் பெண்ணின் பேரை அவன் சொல்லவில்லை. தேன்மொழி அதைக் கவனித்தாள்.

"ஹெச்.எம். மேடம் இல்லாம ரிஜிஸ்டர் எடுக்க முடியாதுங்க. நாளைக்கு வாங்க. அப்பா அம்மாவோட ஆதார் நகல் கொண்டு வாங்க."

"சும்மா ஒரு பார்வை டீச்சர். புள்ளைங்களையே கேட்டுக்கறேன்." சொல்லிக்கொண்டே உள்ளே காலை வைத்துவிட்டான். பிஸ்கட்டைப் பிரித்தபடி முன்வரிசையில் குனிந்தான். "உன் பேரு இன்னா பாப்பா?"

கேட்டது கன்னியம்மாவை.

அவள் அவன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பாவாடைக்குக் கீழே தரை ஈரமாகி, கோடு போட்டு ஓடியது. தேன்மொழி குறுக்கே போவதற்குள் தினேஷ் எழுந்துவிட்டான்.

"அவ ஊமை சார்!"

தன்னைத் திருத்திய டீச்சர் இன்று திட்டப்போகிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தான். டீச்சர் திட்டவில்லை.

"ஓ" என்றான் அந்த ஆள், நிமிர்ந்து. "அப்ப இது இல்ல. நான் தேடுறது சரியான வாயாடின்னு சொன்னாங்க. ஒரு நிமிசம் வாய் சும்மா இருக்காதாம். மேஸ்திரியையே எதுத்துப் பேசுமாம்." சிரித்துக்கொண்டான். மேஸ்திரி என்ற வார்த்தை வாய் தவறி வந்ததை உணர்ந்த மாதிரி சட்டென்று பிஸ்கட்டை மேசையில் வைத்தான். "பசங்களுக்குக் குடுங்க."

பைக் போன பிறகும் தேன்மொழிக்குக் கை நடுங்கியது. பிள்ளைகளைப் பொன்னம்மாவிடம் விட்டுவிட்டுக் கன்னியம்மாவைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய்க் கழுவிவிட்டாள். ரம்யா வீட்டிலிருந்து மாற்றுப் பாவாடை வந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்கக் கூடாது என்று எந்த நோட்டிலும் அவள் படித்ததில்லை. தோன்றியது, அவ்வளவுதான்.

இருட்டின பிறகு வீட்டில் நைட்டிக்காரி வெளியே வந்தாள். கன்னியம்மாவின் அம்மா மல்லிகா. வாங்கின அட்வான்ஸ் நாற்பதாயிரம். மூன்று வருஷம் கல் அறுத்தும் கடன் குறையவில்லை. மழையில் கரைந்த கல் கணக்கில் சேராது, காய்ச்சலில் படுத்தால் ஆஸ்பத்திரிச் செலவு கணக்கில் ஏறும். பொங்கல் முடிந்து ஒரு ராத்திரி வேலிக்குக் கீழே புகுந்து ஓடி வந்திருக்கிறார்கள். ஏழுமலை பகலெல்லாம் சவுக்குத் தோப்பில், ராத்திரிக்கு வீடு.

"இவ வாய் தாங்க முடியாது டீச்சர். அதான் சொல்லி அனுப்பினேன். எந்தூரு, இன்னா வேலை, உங்கப்பன் எங்கன்னு எவன் கேட்டாலும் வாயத் தொறக்காதன்னு. அதச் சொல்லாதன்னு சொன்னேன். பேசவே பேசாதன்னு நான் சொல்லல."

கன்னியம்மா தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். தேன்மொழி அவள் குரலை நேருக்கு நேராக முதன்முதலில் கேட்டது அப்போதுதான். கரகரவென்று, கொஞ்சம் கோபமாக வந்தது.

"பேசினா எது எதுலேருந்து வெளிய வரும்னு எனக்குத் தெரியல. அப்புறம் எப்படிப் பேசறது?"

மறுநாள் சரோஜாவிடம் சொன்னபோது, அவர் எரிச்சலோடு வருகைப் பதிவேட்டை மூடுவார் என்றுதான் தேன்மொழி நினைத்தாள். மூடினார். மூடிவிட்டு, "அட்வான்ஸ் கடனே செல்லாதுடி. 1976லயே சட்டம் வந்தாச்சு" என்றார். அறிவொளி இயக்கக் காலத்தில் அரிக்கேன் விளக்கோடு தெருத் தெருவாகப் போனவர் அவர் என்று அன்றுதான் தெரிந்தது. "அந்தக் கடன அவங்க கட்ட வேணாம், ஓடி ஒளியவும் வேணாம். கோட்டாட்சியர்கிட்ட மனு குடுத்தா விசாரிச்சு, சூளை இருக்கற மாவட்டத்துக்கு எழுதுவாங்க. கொத்தடிமையில இருந்து விடுவிச்சதா சான்று குடுத்துட்டா எந்த மேஸ்திரியும் கிட்ட வர முடியாது. உக்காரு, எழுதலாம்."

எழுதினார்கள். பொன்னம்மாவும் கூட வந்தாள், சேம்பர் பாஷை தெரிந்தவள் ஒருத்தி வேண்டுமே என்று. கோட்டாட்சியர் அலுவலகத்தில் முதல் நாள் காத்திருந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். இரண்டாம் தடவை போனபோது ஒரு எழுத்தர் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். நல்ல மனுஷர், அவசரக்காரர்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு கல்லு?"

ஏழுமலை மனைவியைப் பார்த்தான். மல்லிகா தரையைப் பார்த்தாள். கணக்கு மேஸ்திரியின் நோட்டில்தான் இருந்தது. அதை அவர்கள் ஒரு நாளும் படித்ததில்லை.

"ஆயிரத்து இருநூறு" என்றாள் கன்னியம்மா.

எல்லாரும் திரும்பினார்கள். சரோஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தேன்மொழி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான்தான புரட்டுவேன்? எண்ணிகினேதான் புரட்டுவேன். தூக்கம் வராம இருக்க."

"ஆயிரத்துக்கு என்ன கூலி?"

"எழுநூறு. ஆனா தர மாட்டாங்க. வாரச் செலவுக்கு எண்ணூறு குடுப்பாங்க. மீதி கடன்ல கழிக்கிறேன்னு சொல்லுவாங்க, கழிக்க மாட்டாங்க."

எழுத்தர் கால்குலேட்டரைத் தட்டினார். "ஆயிரத்து இருநூறு, ஏழு நாளு... வாரத்துக்கு எட்டாயிரத்து நானூறு கல்லு."

"தப்பு சார்" என்றாள் கன்னியம்மா, மேசை விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தபடி. "ஞாயித்துக்கிழம மண்ணு மிதிக்கறது மட்டுந்தான். கல்லு கிடையாது. ஏழாயிரத்து இருநூறுன்னு போடுங்க. அஞ்சாயிரத்து நாப்பது ரூபா வரும். எண்ணூறு குடுத்தாங்கல்ல, அதயும் கழிச்சிட்டு எழுதுங்க. அப்புறம் அவங்க வந்து நாங்க பொய் சொன்னோம்னு சொல்லுவாங்க."