மனநல மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

இக்கடிதத்துடன் வரும் 42 வயதுப் பெண் நான்கு மாதங்களாக மனச்சோர்வில் இருக்கிறார். விடியற்காலை 3 மணிக்கே விழித்துவிடுகிறார். எடை 6 கிலோ குறைந்திருக்கிறது. தைராய்டு அளவு சரியாக உள்ளது.

எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. எட்டு வாரம் கொடுத்தும் பலனில்லை. செர்ட்ராலின் 100 மி.கி. ஆறு வாரமாகத் தொடர்கிறது. பசி மட்டும் சற்றுத் திரும்பியிருக்கிறது.

தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டேன். “தூங்கினால் எழாமலே இருந்துவிடலாம்” என்றார். திட்டம் எதுவும் இல்லை, இதற்கு முன் முயன்றதும் இல்லை என்கிறார். ஆனால் சென்ற வாரம் நகைகளை மகளிடம் எடுத்துக் கொடுத்தது எனக்கு உறுத்துகிறது.

மாத்திரைகளைக் கணவர் பூட்டிவைத்து வேளைக்குத் தருகிறார். தங்கை உடன் தங்கியிருக்கிறார். மாமியார் இன்னும் இதை நோயாக ஏற்கவில்லை.

இரண்டு நாட்களுக்குள் பார்க்க வேண்டுகிறேன். அதற்குள் நிலை மோசமானால் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லும்படி கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
குடும்ப மருத்துவர்