பொருள்: ஆர்டர் 2417, மாறிய என் தொடர்பு விவரங்கள்

அன்புள்ள ரவிச்சந்திரன் சார்,

வணக்கம். திங்கட்கிழமை உங்கள் கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு முறை என் பழைய நேரடி எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள். அந்த மேசையில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் ஆர்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தவறு என்னுடையதுதான். பொறுப்பு மாறி மூன்று வாரம் ஆகியும் மெயிலின் அடியில் பழைய கையொப்பத்தையே விட்டுவைத்திருந்தேன். மன்னிக்கவும்.

முதலில் ஆர்டர் விஷயம். 4,000 அட்டைப்பெட்டிகளும் தயார். வியாழக்கிழமை காலை லாரியில் ஏறிவிடும். திருத்திய பில்லை இத்துடன் இணைத்திருக்கிறேன். அளவு மட்டும்தான் மாறியிருக்கிறது, விலை பழையதுதான்.

அப்புறம், இனி யாரை அழைப்பது என்பது. ஆர்டர், தேதி, அனுப்புதல் எல்லாம் என்னிடம். பில், பணம் சம்பந்தமானவை செல்வி மேடத்திடம். அவருடைய எண்ணையும் கீழே சேர்த்துவிட்டேன். முன்பு என் பெயருக்குக் கீழே வெறுமனே ‘விற்பனை’ என்று இருந்தது. அதைப் பார்த்து எல்லோரும் எல்லாவற்றுக்கும் என்னையே அழைத்ததில் ஆச்சரியமில்லை.

எங்கள் லோகோ படம் இந்த முறை இல்லை, கவனித்திருப்பீர்கள். உங்கள் பக்கம் அது திறக்காமல் காலிக் கட்டமாகத் தெரிகிறது என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள். இப்போது எல்லாம் எழுத்தாகவே இருக்கிறது. எண்களுக்கு முன்னால் + போட்டு நாட்டுக் குறியீடும் சேர்த்திருப்பதால் வெளிநாட்டிலிருந்து அழைத்தாலும் அப்படியே போகும். தனியாக எதையும் சேர்க்க வேண்டாம்.

பழைய எண் இனி இந்த மாதக் கடைசி வரை அலுவலக வரவேற்புக்குத் திருப்பிவிடப்படும், அதன் பிறகு நின்றுவிடும். கீழே உள்ளதை உங்கள் கணக்குப் பிரிவுக்கும் அனுப்பிவிட்டால் நல்லது. லாரி எண் கிடைத்ததும் தனியாக மெயில் போடுகிறேன்.

அன்புடன்,

```
-- 
க. மீனாட்சி
மேலாளர், வாடிக்கையாளர் ஆர்டர்கள்
தளிர் பேக்கேஜிங்
நேரடி எண்: +44 1632 960147
கைபேசி (அவசரத்துக்கு): +44 7700 900147
meenakshi@thalir.example | www.thalir.example
திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 – மாலை 5.30
பில், பணம்: செல்வி, கணக்குப் பிரிவு, +44 1632 960152
```