பக்கவாதம் வந்து வீடு திரும்பும் பெரியவரின் குடும்பத்தாருக்கான வீட்டுப் பராமரிப்புக் குறிப்பு

நோயாளி: ஆண், 74 வயது, ஏற்காடு மஞ்சக்குட்டைப் பகுதி.
நோய்: மூளையின் இடது பக்கத்தில் இரத்தக்குழாய் அடைப்பு; வலது கை, கால் பலவீனம்; பேச்சிலும் விழுங்குவதிலும் சிரமம்.
ஏற்கெனவே உள்ளவை: இரத்த அழுத்தம், சர்க்கரை.

அவரைப் பார்த்துக்கொள்ளப் போகும் எல்லோரும், குறிப்பாக இரவில் பக்கத்தில் படுக்கப் போகிறவர், இந்தத் தாளை ஒரு முறை முழுவதும் படித்துவிடுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு யாராவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், ஏனென்றால் பகல் முழுவதும் அவருடன் இருக்கப் போகிறவர் அவர்தான்.

என்ன நடந்திருக்கிறது

மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டதால், அதன் வழியாக இரத்தம் பெற்ற மூளைப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது. கையிலும் காலிலும் நோய் இல்லை. அவற்றுக்கு ஆணையிடும் இடம்தான் கெட்டிருக்கிறது. பயிற்சி தொடர்ந்தால் மூளையின் மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். முன்னேற்றம் முதல் 3 மாதங்களில் அதிகமாகத் தெரியும், பிறகு மெதுவாகத் தொடரும். எவ்வளவு திரும்பும் என்று இன்றே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மறுபடியும் வந்தால்

முகம் ஒரு பக்கம் கோணுவது, கையோ காலோ திடீரென்று சோர்வது, பேச்சு குழறுவது, பார்வை திடீரென்று மறைவது, தள்ளாடி விழுவது ஆகியவை அறிகுறிகள். இவருக்கு ஏற்கெனவே வலது பக்கம் பலவீனமாக இருப்பதால் எது புதிது என்ற குழப்பம் வரும். ஆகவே இன்றைய நிலையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: படுத்தபடியே வலது காலைப் படுக்கையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்குகிறார், வலது கையால் ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை, தன் பெயரையும், "தண்ணி", "வேண்டாம்" என்ற சொற்களையும் தெளிவாகச் சொல்கிறார். இதிலிருந்து திடீரென்று குறைந்தாலோ, இடது பக்கத்தில் எதுவும் தோன்றினாலோ, அது புதிய பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு உடனே 108க்கு அழையுங்கள்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வர வேண்டிய உங்களுக்கு, பனி மூட்டமாக இருக்கிறது, விடியட்டும் என்று காத்திருக்க நேரம் கிடையாது. ஸ்கேன் இல்லாத சிறிய கிளினிக்கில் ஊசி போட்டுப் பார்ப்பதும் நேரத்தை வீணாக்கும். கடைசியாக அவர் எத்தனை மணிக்கு வழக்கம்போல இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு, மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள். வாயில் தண்ணீர், சோடா எதையும் ஊற்றாதீர்கள். ஆஸ்பிரினைக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் இந்த முறை அடைப்பா, இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும்.

சாப்பாடும் தண்ணீரும்

வீட்டில் நாங்கள் அதிகம் அஞ்சுவது இதைத்தான். அவருக்கு விழுங்கும் தசைகள் இன்னும் சரியாக ஒத்துழைக்கவில்லை. உணவோ தண்ணீரோ உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலில் சளிக் காய்ச்சல் வரும். சில சமயம் இருமல்கூட இல்லாமல் இறங்கிவிடும் என்பதால், இருமவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம்.

தண்ணீர், மோர், டீ, காபி போன்றவை இப்போதைக்கு நீர்த்த நிலையில் கூடாது. கெட்டியானது தொண்டையில் மெதுவாக இறங்கும், நீர்த்தது ஓடிவிடும். ஆகவே கேழ்வரகுக் கூழ், அரிசிக் கஞ்சி, கட்டித் தயிர், குழைய மசித்த பருப்பு சாதம், மசித்த வாழைப்பழம் ஆகியவற்றைக் கொடுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக ஒழுகாமல் மெதுவாக வழிய வேண்டும். வார்டில் நர்ஸ் உங்கள் மருமகளிடம் காட்டிய பதம் அதுதான். ஜவ்வரிசி நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் என்றாலும், முழு முத்தாகக் கொடுக்காமல், நன்றாக வேகவைத்து மசித்த பிறகே கொடுங்கள். ரசம் சாதம் எளிதில் இறங்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். நீரும் சோறும் பிரிந்து போவதால் இவருக்கு அதுதான் ஆபத்து. முறுக்கு, பொரி, வேர்க்கடலை, வெற்றிலைப் பாக்கு எதுவும் வேண்டாம். புகையிலை எந்த வடிவிலும் இனி எப்போதும் கூடாது.

ஊட்டும்போது அவர் முழுவதும் விழித்திருக்க வேண்டும். படுத்த நிலையிலோ, பாதி சாய்ந்த நிலையிலோ ஊட்டாமல், நாற்காலியில் நேராக உட்காரவைத்து, முகவாயைச் சற்றே கீழே தாழ்த்தச் சொல்லி, அரை ஸ்பூன் அளவு உணவை வாயின் இடது பக்கம் வையுங்கள். தொண்டைக் குமிழ் ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த ஸ்பூன். வலது கன்னத்துக்குள் உணவு தங்கிவிடும், அது அவருக்கே தெரியாது. சாப்பிட்டு முடித்ததும் வாயைத் திறந்து பார்த்து, ஈரத் துணி சுற்றிய விரலால் எடுத்துவிடுங்கள். பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். காலை, இரவு இரு வேளையும் பல் துலக்கிவிடுங்கள். அழுக்கான வாயிலிருந்து எச்சில் உள்ளே இறங்கினாலும் நுரையீரல் கெடும்.

சாப்பிடும்போது இருமல் வந்தாலோ, குரல் தொண்டையில் நீர் நிற்பதுபோல் களகளத்தாலோ உடனே நிறுத்துங்கள். பேரப்பிள்ளைகள் அன்பில் தண்ணீர் டம்ளரை நீட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்பைக் குறையுங்கள், ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் அடியோடு விட்டுவிடலாம். அதற்காக உணவின் அளவைக் குறைத்துவிடாதீர்கள்.

மாத்திரைகள்

அம்லோடிபின் 5 மி.கி. காலையில் ஒன்று, ஆஸ்பிரின் 75 மி.கி. மதிய உணவுக்குப் பின் ஒன்று, அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. இரவில் ஒன்று, மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையிலும் இரவிலும் உணவோடு ஒவ்வொன்று. தண்ணீரில் விழுங்கவைக்காமல், ஒரு ஸ்பூன் கூழில் ஒரு மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஆஸ்பிரினை நசுக்காதீர்கள், வயிற்றைக் காக்க அதன்மேல் ஒரு பூச்சு இருக்கிறது. முழுதாக விழுங்க முடியவில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்.

ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். "பிரஷர் சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் மறுபடி பக்கவாதம் வருவதற்கு நாங்கள் அடிக்கடி பார்க்கும் காரணம். மாத்திரை போடுவதால்தான் அது சரியாக இருக்கிறது. வலிக்கு மெடிக்கல் கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். ஆஸ்பிரினோடு சேரும்போது சில வலி மாத்திரைகள் வயிற்றில் இரத்தம் கசிய வைக்கும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் உடனே தெரிவியுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம்.

வாரம் இரு முறை இரத்த அழுத்தம் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும் என்பதால், உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள். அளவு 140/90க்குக் கீழே இருக்க வேண்டும். 180/110ஐத் தாண்டினால் கால் மணி நேரம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் குறையாவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

படுக்கை, நடை, கழிப்பறை

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவையுங்கள். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று பொருள்.

வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவி, பல மாதம் நீங்காத வலியைக் கொடுக்கும். உட்காரும்போதும் படுக்கும்போதும் அந்தக் கைக்குக் கீழே ஒரு தலையணை இருக்கட்டும். எழுப்பும்போது நாற்காலியை அவருடைய இடது பக்கம் போட்டு, நீங்கள் வலது பக்கம் நின்று இடுப்பைத் தாங்குங்கள். பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்த பயிற்சிகளைக் காலையும் மாலையும் செய்யவையுங்கள். சட்டைப் பொத்தானைப் போட அவர் அரை நிமிடம் திணறினாலும் காத்திருங்கள், அதுவும் பயிற்சிதான்.

வலது பக்கத்தில் சூடு அவருக்குச் சரியாகத் தெரியாது. மலைக் குளிருக்கு வெந்நீர்ப் பையோ, சூடான ஒத்தடமோ வைத்தால் தோல் வெந்தாலும் சொல்லமாட்டார். கம்பளியும் காலுறையும் போதும். கதவைச் சாத்திய அறையில் கரி அடுப்பு மூட்டுவது வீட்டில் உள்ள எல்லோருக்குமே ஆபத்து.

குந்தி உட்காரும் கழிப்பறை இப்போது அவருக்கு உதவாது. ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று வாங்குங்கள். இரவில் ஒரு விளக்கு எரியட்டும். வாசல்படி உயரமாக இருப்பதாகச் சொன்னீர்கள். துணையில்லாமல் அவர் அதைத் தாண்டக் கூடாது. விழுந்து தலையில் அடிபட்டால், ஆஸ்பிரின் சாப்பிடுவதால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அழைத்து வாருங்கள்.

புறா இரத்தம் பூசினால் கை கால் வரும் என்று சொல்லி வருவார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை, பணமும் நேரமும் போவதுதான் மிச்சம். மேலுக்கு லேசாக எண்ணெய் தடவலாம். மூட்டை முறுக்குவதும் அழுத்திப் பிடிப்பதும் கூடாது. கஷாயம், சூரணம் எதுவானாலும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பேச்சும் மனமும்

பேச்சு வரவில்லை என்பதால் அறிவு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அவர் முன்னால் அவரைப் பற்றி மற்றவரிடம் குறை சொல்லாதீர்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், டி.வி.யை நிறுத்திவிட்டு, சிறிய வாக்கியங்களில் பேசுங்கள். "சாப்பிடுகிறீர்களா?" என்பதுபோல் தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். காரணமில்லாமல் அழுவதும் சிரிப்பதும் இந்த நோயில் உண்டு. ஆனால் இரண்டு வாரமாகச் சாப்பிட மறுத்து, தூங்காமல், யாரையும் பார்க்காமல் இருந்தால் அது மனச்சோர்வு. அதற்கும் மருந்து இருக்கிறது. அம்மாவை இரவும் பகலும் தனியாக விட்டுவிடாமல், மகனும் மருமகளும் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றே அழைத்து வர வேண்டியவை

காய்ச்சலோடு இருமல் அல்லது வேகமான மூச்சு, வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் நெஞ்சு வலி அல்லது மூச்சுத்திணறல், எழுப்பினாலும் எழாத மயக்கம், ஒரு நாள் முழுவதும் எதையும் விழுங்க முடியாமை. வலிப்பு, மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் என்றால் நீங்களாக வண்டி தேடாமல் 108க்கு அழையுங்கள். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104இல் கேட்கலாம்.

அடுத்த பரிசோதனை

14 நாட்கள் கழித்து வியாழக்கிழமை காலை 9 மணிக்குச் சேலத்தில் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். விழுங்கும் திறனை அன்று மறுபடி பார்ப்போம். அதுவரை கெட்டி உணவை மாற்ற வேண்டாம். வளைவுகளில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்பதால், கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சிறிதளவு உணவை முடித்துவிட்டு, வண்டியில் நிமிர்ந்து உட்காரவைத்து, மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். இந்தத் தாள், ஸ்கேன் படங்கள், இரத்த அழுத்த நோட்டு, மிச்ச மாத்திரைகள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்.