சாயக்கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பணி குறித்துத் தங்களிடம் இருபது நிமிடம் பேச வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் கவிதா. வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தங்களோடு எனக்கு முன்அறிமுகம் இல்லை. எவாப்பரேட்டரில் கடைசியாகத் தங்கிவிடும் கலப்பு உப்பை என்ன செய்வது என்று சென்ற மாதம் இத்தளத்தில் தாங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் எழுதத் துணிந்தேன்.

அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பை நாள்தோறும் என் கையால் எடை போட்டுக் கரைக்கிறேன். சாயத்தைத் துணியில் ஏற்றிவிட்டு அந்த உப்பு அப்படியே கழிவுநீரோடு தங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்துவிடுகிறது என்பதால், என் வேலையின் மறுபாதி தங்களிடம்தான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மீட்டெடுத்த உப்புக்கரைசல் கறுப்புக்கும் நேவி புளூவுக்கும் எங்களிடம் நன்றாகவே ஒத்துவருகிறது. வெளிர் நிறங்களில் மட்டும் அதிலுள்ள இலேசான மஞ்சள் சாயல் ஷேடை மங்கவைத்துவிடுவதால், லேப் டிப்பை இரண்டு மூன்று முறை திரும்பப் போட வேண்டியிருக்கிறது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் சாயம் போடும் வேலையில் இருந்த என் தந்தை பல மாதங்கள் வீட்டில் இருந்தார். ஆயினும் நொய்யல் தண்ணீரை நம்பி விவசாயம் செய்தவர்கள் அதற்கு முன்பே இழந்தது எவ்வளவு என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். சுத்திகரிப்புத் துறைக்கு மாற வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்தே என்னிடம் இருக்கிறது.

தங்களிடம் நான் முக்கியமாகக் கேட்க விரும்புவது, ஆய்வுக்கூட அனுபவம் மட்டுமே உள்ள ஒருவர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தால் முதல் ஓராண்டில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், ஆர்.ஓ. பிரிவிலிருந்து தொடங்குவது நல்லதா, உயிரியல் சுத்திகரிப்பிலிருந்து தொடங்குவது நல்லதா என்பதைத்தான். நேரம் இருந்தால் அந்த மஞ்சள் சாயலைப் பற்றியும் கேட்பேன். வேலை வாங்கித் தரும்படியோ பரிந்துரைக்கும்படியோ கேட்பதற்காக இதை எழுதவில்லை.

தொலைபேசியில் இருபது நிமிடம் போதும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விடுமுறை. மற்ற நாள்களில் மாலை ஏழு மணிக்கு மேல் எப்போது அழைக்கச் சொன்னாலும் அழைக்கிறேன். நேரில் வரச் சொன்னால் தங்கள் நிலையத்துக்கே வந்து பார்ப்பதில் எனக்கு இன்னும் மகிழ்ச்சி. இப்போது வேலைப்பளு அதிகமாக இருந்தால் அடுத்த மாதமானாலும் காத்திருக்கிறேன்.

மிக்க நன்றி ஐயா.

இப்படிக்கு,
கவிதா
ஆய்வுக்கூட வேதியியலர், திருப்பூர்