ஞாயித்துக்கிழமை டெஸ்ட்: உயில், ப்ரொபேட், கைக்கு வராமப் போற சொத்து (7 கேள்வி, விடையோட)

சிவில் ஜட்ஜ் பரிச்சைக்குப் படிக்கிற நம்ம காரைக்குடி செட்டுக்காகப் போட்டது. எல்லாம் 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். ஆப்ஷனைப் பாக்குறதுக்கு முன்னாடி கேள்வியிலயே மூணு இடத்துல கோடு போட்டுக்கங்க: எழுதினவுக என்ன மதம், சொத்து எந்த ஊர்ல இருக்கு, யாரு எப்ப செத்தாக. போன வாரம் பாதிப் பேரு தப்பு விட்டது சட்டம் தெரியாம இல்ல, இந்த மூணையும் பாக்காம ஓடுனதாலதான்.

1) கானாடுகாத்தான் வள்ளியம்மை ஆச்சி, இந்து. தன்னோட வைரத்தோட்டை பக்கத்து வீட்டு மீனாளுக்கு எழுதி வைக்கிறாக. சாட்சி ரெண்டே பேரு, அதுல ஒண்ணு அந்த மீனாளே. ஆச்சி இறந்த பிறகு தோடு யாருக்கு?
அ. மீனாளுக்குக் கிடையாது, உயிலும் செல்லாது
ஆ. உயில் செல்லும், தோடு மட்டும் மீனாளுக்குக் கிடையாது
இ. உயிலும் செல்லும், தோடும் மீனாளுக்குத்தான்
ஈ. மூணாவது சாட்சி இருந்தா மட்டும் கிடைக்கும்

விடை: இ. எல்லாரும் ஆ போடுவீங்கன்னு தெரிஞ்சேதான் வச்சேன். சாட்சிக்கோ சாட்சியோட புருஷன், பொண்டாட்டிக்கோ எழுதின சொத்து வீண்னு சொல்றது செக்‌ஷன் 67, ஆனா இந்து உயிலுக்கு எந்தெந்த செக்‌ஷன் பொருந்தும்னு சொல்ற மூணாவது அட்டவணையில 67 இல்லவே இல்ல, 68 இருக்கு. ஆச்சிக்குப் பதிலா தேவகோட்டை கிறிஸ்தவ டீச்சர் எழுதியிருந்தா விடை ஆ. கல்யாணம் பண்ணினா பழைய உயில் ரத்துன்னு வர்ற 69ம் இதே கதைதான், இந்துக்குக் கிடையாது. கோர்ட்ல மீனாள் சாட்சியத்தைச் சந்தேகமாப் பாப்பாங்க, அது வேற விஷயம்.

2) பள்ளத்தூர் ஐயா ஒருத்தர் முகப்புத் திண்ணையில உக்காந்து உயில்ல கையெழுத்துப் போடுறாக, முதல் சாட்சி அங்கனயே பாத்துட்டுப் போடுறாரு. மறுநாள் ரெண்டாவது சாட்சி வர்றாரு, ஐயா "இது என் கையெழுத்துதான் தம்பி"ங்கிறாக, அவரு பேனா தேடிக்கிட்டு பின்கட்டு வரைக்கும் போயி அங்கயே போட்டுட்டு வர்றாரு, ஐயா திண்ணையை விட்டு எந்திரிக்கல, அங்கருந்து பின்கட்டு தெரியவும் தெரியாது. உயில்?
அ. செல்லாது, ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்துல இல்ல
ஆ. செல்லாது, ரெண்டாமவர் ஐயா முன்னிலையில போடல
இ. செல்லாது, ரெண்டாமவர் ஐயா கையெழுத்துப் போடுறதைப் பாக்கல
ஈ. செல்லும்

விடை: ஆ. செக்‌ஷன் 63. சாட்சிங்க ஒண்ணா இருக்கணும்னு இல்ல, பாக்கலைன்னாலும் எழுதினவரே "என் கையெழுத்து"ன்னு ஒத்துக்கிட்டாப் போதும், ஆனா சாட்சி போடுறப்ப அவரு முன்னாடி போடணும். நான் ஜூனியரா இருந்தப்ப ஒரு கேஸ்ல கூண்டுல நின்ன பெரியவர் வெள்ளந்தியா "நான் போட்டப்ப அவுக குளிச்சுக்கிட்டு இருந்தாக"ன்னுட்டாரு. நாங்கதான் கூப்பிட்ட சாட்சி. எங்க சீனியர் கண்ணாடியைக் கழட்டித் துண்டுல தொடைக்க ஆரம்பிச்சவரு ஜட்ஜ் நிமிந்து பாக்குற வரைக்கும் நிறுத்தல.

3) உயிலை ரிஜிஸ்டர் பண்ணியாச்சு. கோர்ட்ல நிரூபிக்க?
அ. ரிஜிஸ்டர் காப்பியே போதும்
ஆ. உயிரோட, கூப்பிடக்கூடிய நிலையில இருக்குற சாட்சி ஒருத்தரையாவது கூப்பிடணும்
இ. ரெண்டு பேரையும் கூப்பிட்டே ஆகணும்
ஈ. சார்பதிவாளரைக் கூப்பிட்டாப் போதும்

விடை: ஆ. பழைய சாட்சியச் சட்டத்துல 68, 2024 ஜூலை 1லேர்ந்து பாரதிய சாக்‌ஷிய அதிநியம்ல 67. உயிலுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயமே இல்ல.

4) "கோட்டையூர் வீட்டுல இருக்குற என் நாலு பர்மா தேக்குத் தூணும் அழகப்பனுக்கு." எழுதினவரே உயிரோட இருக்கும்போது வீட்டைப் பிரிச்சு, தூணைப் பழைய சாமான் கடைக்கு வித்து, பணத்தை பேங்க்ல போட்டுட்டாரு. அழகப்பனுக்கு?
அ. அந்தப் பணம்
ஆ. வேற நாலு தூண்
இ. ஒண்ணும் இல்ல
ஈ. பாதிப் பணம்

விடை: இ. குறிப்பிட்ட பொருளா எழுதினது சாகும்போது அவரு கையில இல்லைன்னா போச்சு, செக்‌ஷன் 152. "அழகப்பனுக்கு ரெண்டு லட்சம்"னு மொத்தமா எழுதியிருந்தா இந்த வம்பே இல்ல.

5) "என் பணத்துல கொஞ்சம் சாத்தப்பனுக்கு." எவ்வளவு?
அ. பாதி
ஆ. கோர்ட் நியாயமாப் பாக்குறது
இ. எக்ஸிகியூட்டர் சொல்றது
ஈ. ஒண்ணும் இல்ல

விடை: ஈ. செக்‌ஷன் 89, தெளிவில்லாததால வீண்.

6) இதுல பேப்பரும் பேனாவும் எடுத்துக்கங்க. ஒரு அப்பச்சி (இந்து) புதுவயல் நிலத்தை மகன் சிதம்பரத்துக்கு எழுதுறாக. சிதம்பரம் 2019ல உயில் எதுவும் எழுதாம இறந்துட்டான், அப்பச்சி 2022ல. இருக்குறது சிதம்பரத்தோட பொண்டாட்டி, ஒரே மக, அவனைப் பெத்த ஆத்தா. நிலம்?
அ. வீணாகி மிச்சச் சொத்தோட சேரும்
ஆ. பேத்திக்கு முழுசும்
இ. பேத்திக்கும் மருமகளுக்கும் பாதிப் பாதி
ஈ. மூணு பேருக்கும் சமமா

விடை: ஈ. வாங்குறவன் முன்னாடியே செத்தா வீண்ங்கிறது செக்‌ஷன் 105. ஆனா அவன் எழுதினவரோட பிள்ளையாவோ பேரப்பிள்ளையாவோ இருந்து, அவனுக்கும் வம்சம் இருந்தா 109 காப்பாத்தும். இதுவரைக்கும் எல்லாரும் வந்துருவீங்க, வந்துட்டு ஆ போடுவீங்க. 109 பேத்திக்குக் குடுன்னு சொல்லல, அப்பச்சி இறந்த மறு நிமிஷம் சிதம்பரம் இறந்ததா வச்சுக்கன்னுதான் சொல்லுது. அப்ப நிலம் சிதம்பரம் சொத்தாயிருச்சு, இனி இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவனோட முதல் வகுப்பு வாரிசு யாருன்னு பாக்கணும்: ஆத்தா, பொண்டாட்டி, மக, ஆளுக்கு மூணுல ஒண்ணு. சிதம்பரம் மகன் இல்லாம அண்ணன் மகனா இருந்திருந்தா, எத்தனை பிள்ளை இருந்தாலும் விடை அ.

7) தேவகோட்டைக்காரர், இந்து, உயில் எழுதினதும் தேவகோட்டையில. ஆறு புள்ளிக்குப் பொதுவான பூர்வீக வளவு வீட்டை "முழுசும்" இளைய மகனுக்கும், சொந்தமா வாங்கின மயிலாப்பூர் ஃப்ளாட்டை மகளுக்கும் எழுதிட்டு 2016ல இறந்துட்டாரு. 2018ல ரெண்டு பேரும் உயிலை வச்சுக் கேஸ் போடுறாங்க, தீர்ப்பும் 2020ல வந்துருச்சு. எது சரி?
அ. ரெண்டு சொத்துக்கும் ப்ரொபேட் வேணும்
ஆ. ரெண்டுக்கும் வேண்டாம்
இ. ஃப்ளாட்டுக்கு மட்டும் வேணும், வளவுல அவரு பங்கு மட்டும்தான் போகும்
ஈ. ப்ரொபேட் வாங்கிட்டா வளவு முழுசும் மகனுக்குத்தான்

விடை: இ. 57ஐயும் 213ஐயும் சேத்துப் படிங்க. சென்னை ஹைகோர்ட்டோட ஒரிஜினல் சைடு எல்லைக்குள்ள இருக்குற அசையாச் சொத்து வரைக்கும்தான் அன்னைக்கு ப்ரொபேட் கட்டாயம். ஈ போட்டவங்களுக்கு: ப்ரொபேட் கோர்ட் உயில் உண்மையான்னுதான் பாக்கும், சொத்து யாருதுன்னு பாக்காது. மத்த அஞ்சு புள்ளி பங்கை அவரு எப்படி எழுத முடியும், இந்து வாரிசுரிமைச் சட்டம் 30வது செக்‌ஷன் குடுக்குறது தன் பங்கை எழுதுற உரிமைதான். இந்தக் கேள்வியில தேதியை வேணும்னேதான் போட்டேன். 2025 டிசம்பர்ல பார்லிமெண்ட் 213ஐயே எடுத்துருச்சு, பழைய புக்கை வச்சுப் படிக்கிறவங்க அந்தப் பக்கத்துல பென்சில்ல இதைக் குறிச்சு வச்சுக்கங்க.