இடக்கை விரல்கள் நசுங்கிய விபத்து பற்றிய அறிக்கை

நாள்: 9 ஜூன் 2025
அனுப்புநர்: மு. செல்வராசு, கம்பி கட்டும் தொழிலாளி
பெறுநர்: மேலாளர் அவர்கள், எனக்கு வேலை அனுமதி எடுத்த நிறுவனம்
நகல்: மனிதவள அமைச்சு, சிங்கப்பூர்
பொருள்: 8 மே 2025 அன்று துவாஸ் வேலையிடத்தில் ஏற்பட்ட காயம்

ஐயா,

என் இடக்கை நடுவிரலும் மோதிர விரலும் துவாஸ் கிடங்குக் கட்டுமானத்தில், வேலை நேரத்தில், கம்பிக் கட்டு இறக்கும்போது நசுங்கின. தங்கும் விடுதியின் குளியலறையில் நான் வழுக்கி விழவில்லை. முதலில் போன கிளினிக்கில் அப்படிப் பதிவாகியிருப்பதால் இதை முன்னாலேயே சொல்கிறேன்.

அன்று வியாழக்கிழமை. மதியம் இடி மின்னல் வந்ததால் தூக்கும் வேலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். மழை விட்டபோது மணி மூன்றரை. மறுநாள் காலை இரண்டாம் தளத்துக்கு கான்கிரீட் போட வேண்டும். கீழே லாரியில் கம்பி அப்படியே கிடந்தது. கம்பியை இறக்கும் குழுவில் நான் இல்லை. மேலே கட்டிக்கொண்டிருந்த என்னையும் இன்னொருவரையும் சூப்பர்வைசர் கீழே அழைத்தார். ரிக்கர் வேறொரு கிரேனுக்குப் போயிருந்தார். சிக்னல்மேனும் அங்கே இல்லை. சூப்பர்வைசரே கையைக் காட்டி லாரி கிரேன் ஓட்டுநருக்குச் சைகை கொடுத்தார்.

முதல் இரண்டு கட்டுகள் ஒழுங்காக இறங்கின. மூன்றாவது 16 மில்லிமீட்டர் கம்பி. கட்டில் திசை திருப்பும் கயிறு கட்டவில்லை. "கையால் பிடித்துத் திருப்பு" என்றார், பிடித்தேன். சுமார் 4.20 மணிக்குக் கட்டு தரையைத் தொடும் நேரத்தில் ஒரு முனை சரிந்து சுழன்றது. கட்டுக்கும் இரும்புத் தாங்கிக்கும் நடுவில் என் கை மாட்டிக்கொண்டது. கையுறை போட்டிருந்தேன். கட்டும் தாங்கியும் நெருங்கும் இடத்தில் கை வைத்தது என் தவறும்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை என்று படித்தேன். அந்தத் துணிவில்தான் இதையும் எழுதுகிறேன்.

ஆம்புலன்ஸ் அழைக்கவில்லை. கம்பெனி வேனில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனார்கள். வழியில் சூப்பர்வைசர், "ரூமில் விழுந்ததாகச் சொல், இல்லாவிட்டால் எல்லாருக்கும் வேலை நிற்கும்" என்றார். மருத்துவரிடம் அவரே ஆங்கிலத்தில் பேசினார். நான் வாய் திறக்கவில்லை. வலி ஒரு பக்கம். வேலை அனுமதியை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். அறந்தாங்கியில் வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. அந்தக் கிளினிக்கில் இரண்டு நாள் எம்.சி. மட்டும் கொடுத்தார்கள்.

இரவில் விரல்கள் கறுத்து வீங்கின. அறை நண்பர் டாக்சியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே என்னிடம் தமிழிலேயே கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். இரண்டு விரல்களிலும் எலும்பு முறிவு. மறுநாள் அறுவை செய்து கம்பி வைத்தார்கள். மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தேன். ஜூன் 20 வரை மருத்துவமனை விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். நடுவிரல் இன்னும் மடங்கவில்லை. வலக்கையில் குறடு, இடக்கையில் கட்டுக்கம்பி என்று ஏழு ஆண்டுகள் இங்கே வேலை செய்தவன் நான். இப்போது சட்டைப் பொத்தான் போட நண்பரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

மே மாதச் சம்பளத்தில் விபத்துக்குப் பிந்தைய நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும் வந்திருக்கிறது. மருத்துவமனை விடுப்புக்கு 60 நாள் வரை முழுச் சம்பளம் உண்டு. அதை முந்தைய மாதங்களின் சராசரி வருமானத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். மிகை நேர ஊதியமும் அதில் சேரும். என் சம்பளச் சீட்டுகளை இணைத்திருக்கிறேன். வித்தியாசத் தொகையைத் தரக் கேட்டுக்கொள்கிறேன். டாக்சிக்கும் மருந்துக்கும் நான் கொடுத்த 64 வெள்ளிக்கு ரசீதுகள் இருக்கின்றன.

விபத்து தெரிந்த 10 நாட்களுக்குள் நிறுவனம் அமைச்சிடம் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்திருந்தால் அதன் நகலைத் தாருங்கள். அதில் விபத்து நடந்த இடம் விடுதி என்று இருந்தால் திருத்துங்கள். என்னோடு கட்டைப் பிடித்தவரும் லாரி கிரேன் ஓட்டுநரும் நடந்ததைப் பார்த்தவர்கள். அவர்களை விசாரிக்கும்போது சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்கும் ஊரில் குடும்பம் இருக்கிறது.

என் இழப்பீட்டுக் கோரிக்கை முடியும்வரை சிகிச்சைக்காக இங்கேயே இருக்க விரும்புகிறேன். அடுத்த மருத்துவச் சோதனை ஜூன் 18 காலை 9.30 மணிக்கு. அன்று போய்வர வண்டி ஏற்பாடு செய்தால் நல்லது.

இணைப்பு: வேலை அனுமதி அட்டை நகல், இரண்டு மருத்துவச் சீட்டுகள், சம்பளச் சீட்டுகள், ரசீதுகள், அன்று மாலை கைபேசியில் எடுத்த கையின் படம்.

இப்படிக்கு,
மு. செல்வராசு
(வலக்கையால் கையொப்பமிட்டது)