ரங்கூனில் ஒரு தமிழ் எழுத்து வகுப்பு: முதல் நாள், முதல் பேச்சு

வணக்கம்மா, வா, உட்காரு. விசிறி பக்கமா நாற்காலிய இழுத்துக்கோ. கரண்ட்டு போனாலும் இந்த ஜன்னல் வெளிச்சம் ஆறு மணி வரைக்கும் போதும். நோட்டை இப்ப திறக்க வேணாம். முதல் இருபது நிமிஷம் பேச்சுதான்.

"தமிழ் படிக்கணும்"னு ஃபோன்ல சொன்ன. வீட்ல தமிழ் நல்லாவே பேசுற, பள்ளிக்கூடம் முழுக்க பர்மியத்துல முடிச்சிருக்க. அதனால நான் உனக்கு பேச்சு சொல்லித்தரப் போறதில்ல, எழுத்துதான். ஆனா அந்த எழுத்தை வச்சு நீ என்ன செய்யணும்னு ஆசைப்படுற? அதை நீ சொன்னாதான் எங்க ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆசைக்கும் வழி வேற.

தமிழ்நாட்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு ஃபோன்ல தமிழ்ல அனுப்பணுமா? அப்ப கையால எழுதிப் பழகுறதை பின்னால தள்ளிடலாம். கீபோர்டுல அடிச்சா நாலஞ்சு வார்த்தை காட்டும், அதுல சரியானது எதுன்னு கண்ணு கண்டுபிடிக்கணும். அதனால வாசிப்புதான் முதல்ல. லகரம், ளகரம், ழகரம் மூணையும் அப்பவே பிரிச்சுப் பழகிடணும். இல்லேன்னா 'வலி'ன்னு அனுப்ப நினைச்சு 'வழி'ன்னு போயிடும்.

கோயில்ல தேவாரப் புத்தகத்தைப் பார்த்துப் பாடணுமா? அதுல வார்த்தைங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தே அச்சாகியிருக்கும். எழுத்து தெரிஞ்சாலும் எங்க பிரிக்கிறதுன்னு தெரியாம திணறுவாங்க. உனக்கு ஏற்கனவே மனப்பாடமான ஒரு பாட்டை எடுத்து, பாடிக்கிட்டே விரலை ஓட்டிப் பழகினா சீக்கிரம் பிடிபடும்.

தாத்தா எழுதின கடிதம் ஒரு கட்டு வீட்ல இருக்குன்னும் சொன்ன. படிக்கணும்ங்கிறது அதுக்காகத்தான்னா இப்பவே சொல்லிடு, ஏன்னா மூணுல அதுதான் கஷ்டமானது. தமிழ்நாட்டு அரசு 1978ல எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்துச்சு. அதுக்கு முன்னாடி 'லை' எழுதுறப்ப முன்னால தும்பிக்கை மாதிரி ஒரு சுழி போடுவாங்க. 'ணை', 'னை', 'ளை'யும் அப்படித்தான். 'றா', 'ணா', 'னா'வுக்கும் வேற உருவம். இன்னிக்கு விக்கிற அரிச்சுவடியில இதெல்லாம் இருக்காது, நான் தனியா எழுதிக் காட்டுறேன். போதாததுக்கு, வேகமா எழுதுறவங்க பாதி இடத்துல புள்ளியே வைக்கமாட்டாங்க. 'பட்டம்'னு எழுதியிருக்கிறது 'படடம'ன்னு தெரியும். அச்செழுத்து தடையில்லாம வாசிக்க வந்ததுக்கப்புறம்தான் கடிதத்தைத் தொடணும். முதல் வாரமே எடுத்தா மனசு விட்டுப்போகும்.

அடுத்து இன்னொண்ணு கேக்கணும். சின்ன வயசுல எங்கயாவது தமிழ் எழுத்து கத்துக்கிட்டியா? எந்த இடத்துல நின்னுச்சு? க கா கி கீன்னு ராகமா சொல்லத் தெரியும், நடுவுல 'கூ'வை மட்டும் தொட்டுக் காட்டினா தெரியாதுன்னா, அது உன் தப்பு இல்ல. ராகம் மனசுல நின்னுச்சு, உருவம் நிக்கல. அதுக்காகத்தான் நான் 247 எழுத்தையும் வரிசையா ஒப்பிக்கச் சொல்லமாட்டேன். ட, ப, ம மூணும் பெரும்பாலும் கோடாவே இருக்கும், கைக்கு சுலபம். புள்ளியும் காலும் சேர்த்தா இன்னிக்கே படம், பாடம், பட்டம், மட்டம்னு வாசிச்சிடலாம். நிறைய பேர் தடுக்கி விழுறது கு, சு, டு, து, பு வரிசையில. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வளையும். அதுக்குன்னு தனியா ரெண்டு வகுப்பு வச்சிருக்கேன்.

உனக்கு பர்மிய எழுத்து தெரியும்ங்கிறது பெரிய பலம். அங்க மெய்க்கு மேல 'அதத்' போட்டு உயிரை நிறுத்துவீங்கல்ல, இங்க புள்ளி செய்யுறதும் அதே வேலைதான். வாயில பின்னால வர்ற சத்தத்தோட குறியை எழுத்துக்கு முன்னாடி போடுறதும் உனக்குப் பழக்கமானதுதான். 'கோ'வுக்கு முன்னாடி கொம்பு, பின்னாடி கால்னு சொன்னா மத்தவங்க முழிப்பாங்க, நீ முழிக்கமாட்ட. ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கு: பர்மியத்துல சத்தத்துக்குத் தக்கபடி தனித்தனி எழுத்து. தமிழ்ல 'காகம்'ல வர்ற ரெண்டு சத்தத்துக்கும் ஒரே ககரம்தான். பேச்சு தெரிஞ்ச காது அதைத் தானா சரிபண்ணிக்கும்.

செவ்வாய், வெள்ளி, முக்கால் மணி நேரம், அது நாம பேசினபடியே. வீட்ல தினம் பத்து நிமிஷம் போதும், ஞாயித்துக்கிழமை மொத்தமா ஒரு மணி நேரம் உட்கார்றதவிட அது நல்லா மனசுல ஒட்டும். வேலை முடிஞ்சு வந்து அந்தப் பத்து நிமிஷம் கிடைக்குமா? கிடைக்காதுன்னா தயங்காம சொல்லு, குறைச்சுக்கலாம்.

இப்ப இந்தக் காகிதத்தை எடுத்துக்கோ. மூணு மாசம் கழிச்சு எதை உன்னால வாசிக்க முடிஞ்சா, வந்தது வீண் போகலன்னு நினைப்ப? ஒரே ஒரு பொருளைச் சொல்லு. கடிதமோ, பாட்டோ, சித்தி அனுப்புற மெசேஜோ, எதுவானாலும் சரி. பர்மியத்துலயே எழுதிக் குடு. அவசரமில்ல, யோசிச்சு எழுது. நான் டீ போட்டுக் கொண்டாரேன்.